அனுப்பும் முன் மின்னஞ்சலை மூன்று விதமாகப் படிப்பது எப்படி?

தமிழில் ஒரு மின்னஞ்சல் எழுதி முடித்ததும் மேலிருந்து கீழாக மறுபடி ஓட்டிப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. எழுதியவர் நாமே. அடுத்து என்ன வரப்போகிறது என்று மனத்துக்கு முன்பே தெரியும். திரையில் இருப்பதை விட்டுவிட்டு, இருக்க வேண்டியதை அது படித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் உரக்கப் படி, எழுத்துருவை மாற்றிப் படி, பின்னாலிருந்து படி என்று சொல்கிறார்கள். மூன்றும் நல்ல வழிகளே. ஆனால் ஆங்கிலக் கடிதத்துக்குச் செய்வதைப் போலவே தமிழுக்கும் செய்தால் நிறையப் பிழைகள் தப்பிவிடும். எந்த வழியில் எந்தப் பிழை அகப்படும் என்பதை ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு பள்ளியிலிருந்து சிறப்பு விருந்தினருக்குப் போகவிருக்கும் அழைப்பு இது. வேண்டுமென்றே ஏழு பிழைகளை வைத்திருக்கிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா,
> எங்கள் பள்ளியின் ஆண்டு விழா 14.3.2025 வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு நடைபெற உள்ளது. விழாவிற்கு தலைமை ஏற்று மாணவர்களுக்கு பரிசு வழங்கத் தங்களை அன்புடன் அழைக்கிறோம். கடந்த ஆண்டு தாங்கள் ஆற்றிய உரையை எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தின் நிர்வாகிகள் இன்றும் நினைவுகூர்கிறது. தங்கள் வருகையை உறுதிசெயது எங்களைக் கெளரவிக்க வேண்டுகிறோம். தங்களுக்கு வசதியான பயண நேரத்தை அரிய விரும்புகிறோம். நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்துள்ளோம்.

தொடங்கும் முன் ஒன்று: பெறுநர் முகவரிப் பெட்டியைக் காலியாக வைத்துவிடுங்கள். மூன்று சுற்றும் முடிந்த பிறகு முகவரியைப் போட்டால் போதும். கை தவறி அனுப்பு பொத்தானில் பட்டாலும் கடிதம் எங்கும் போகாது.

முதல் சுற்று: உரக்கப் படித்தல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உரக்கப் படிக்கும்போதுதான் வாக்கியங்களை உடைப்போம், சொற்களை இடம் மாற்றுவோம். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு அதன் பிறகு வாக்கியத்தைக் கலைத்தால் புதுப் பிழைகள் முளைக்கும்.

வாய்விட்டுப் படியுங்கள், முணுமுணுத்தால் போதாது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும். விட்டுப்போன சொல், இரண்டு முறை விழுந்த சொல், பெரியவருக்கு எழுதும் கடிதத்தில் “உடனே பதில் அனுப்பவும்” என்று வந்துவிட்ட அதட்டல் ஆகியவை எல்லாம் காதில் இடறும்.

ஒற்றுப்பிழை மட்டும் இதில் தானாக அகப்படாது. மாதிரிக் கடிதத்தில் “விழாவிற்கு தலைமை” என்று இருக்கிறது. தமிழ் பேசிப் பழகிய நாக்கு அதை “விழாவிற்குத் தலைமை” என்று தானே அழுத்திச் சொல்லிவிடும். காதுக்கும் குறை தெரியாது. எனவே இந்தப் பழக்கத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். நாக்கு க, ச, த, ப எழுத்துகளில் அழுத்திய இடத்தில் எல்லாம் நிறுத்தி, அந்த ஒற்று எழுத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். “மாணவர்களுக்கு பரிசு” என்பதும் இப்படித்தான் சிக்கும். நான்காம் வேற்றுமை ‘கு’ உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதியை மனப்பாடம் செய்தவர்களும் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது ஒற்றை விட்டுவிடுகிறார்கள். நாக்கு விடுவதில்லை.

அடுத்து, கணினியைப் படிக்கச் சொல்லுங்கள். இதற்கு எட்ஜ் உலாவியைத்தான் நான் பயன்படுத்துகிறேன். மடலின் நகல் ஒன்றை உங்கள் முகவரிக்கே அனுப்பி, எட்ஜில் திறந்து, `Ctrl+Shift+U` அழுத்தினால் `Read aloud` பட்டை வரும். குரல் அமைப்பில் தமிழுக்கு `Pallavi`, `Valluvar` என்ற பெயர்கள் இருக்கும். வேகத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். எழுதும் பெட்டிக்குள் மடல் இருக்கும்போதே படிக்க வைக்க முயன்றால் பக்கத்தில் உள்ள பொத்தான்களின் பெயர்களையும் சேர்த்துப் படித்து எரிச்சலூட்டும். அதனால்தான் நமக்கே அனுப்பிக்கொள்வது.

கணினிக் குரலின் அருமை “கெளரவிக்க” என்ற சொல்லில் தெரியும். திரையில் பார்த்தால் பிழையே இல்லை. ஆனால் அங்கே இருப்பது ‘கௌ’ என்ற ஓரெழுத்து அன்று. ‘கெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம். நாம் படித்தால் ‘கௌரவிக்க’ என்றே வாயில் வரும். கணினிக் குரலோ பெரும்பாலும் ‘கெ-ள-ர’ என்று உள்ளபடியே படித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் சொல்லின் முன்னால் சுட்டியை வைத்து வலப்புற அம்புக்குறியைத் தட்டுங்கள். சரியான ‘கௌ’ ஒரே தட்டில் கடந்துவிடும்; பிழையானதற்கு இரண்டு தட்டு வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருக்கும்போது இதை ஏன் திருத்த வேண்டும் என்று கேட்கலாம். பின்னால் மடல்பெட்டியில் ‘கௌரவ’ என்று தேடினால் அந்தக் கடிதம் கிடைக்காமல் போகலாம். ‘பௌர்ணமி’, ‘மௌனம்’, ‘சௌந்தர்’ எல்லாவற்றிலும் இதே தொல்லை உண்டு. ஆட்களின் பெயரில் வந்தால் தேடுவது இன்னும் பாடு.

இரண்டாம் சுற்று: எழுத்துருவை மாற்றுதல்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. எனக்கும் காரணம் பிடிபட வெகுநேரம் ஆயிற்று. ஜிமெயிலின் எழுத்துருப் பட்டியலில் `Georgia`, `Verdana` என்று வரிசையாக இருக்கும். தமிழ் மடலை மொத்தமாகத் தேர்ந்து `Georgia` கொடுத்தால் ஒன்றும் மாறாது. அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளே கிடையாது என்பதுதான் காரணம். எழுத்து இல்லாத இடத்தில் இயங்குதளம் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவைக் கொண்டு நிரப்பிவிடும். விண்டோஸில் அது பெரும்பாலும் `Nirmala UI`. ஆக, எதைத் தேர்ந்தாலும் அதே முகம்தான். மாறியதா இல்லையா என்று அறிய எளிய சோதனை உண்டு. “14.3.2025” என்ற எண்களின் வடிவம் மட்டும் மாறி, தமிழ் எழுத்து அப்படியே இருந்தால் எழுத்துரு மாறவில்லை என்று பொருள்.

எனவே மடலை நகலெடுத்து கூகுள் டாக்ஸில் ஒட்டுங்கள். எழுத்துருப் பட்டியலில் `More fonts` என்பதைத் திறந்து, `Scripts` என்ற இடத்தில் `Tamil` கொடுத்தால் தமிழ் உள்ள எழுத்துருக்கள் மட்டும் வரும். என் தேர்வு `Noto Serif Tamil`, அளவு 18. திரையில் வழக்கமாகப் பார்க்கும் எழுத்திலிருந்து அது போதுமான அளவு விலகியிருக்கிறது, கண்ணையும் உறுத்தாது. `Kavivanar` கையெழுத்துப் போலச் சாய்ந்திருக்கும். நான்கு வரிக் கடிதத்துக்கு நன்று, ஒரு பக்கத்துக்கு மேல் போனால் கண் வலிக்கும். வேர்டு வைத்திருப்பவர்களுக்கு `Latha`, `Vijaya` இரண்டும் போதும். பட்டியலில் அவை இல்லாவிட்டால் விண்டோஸ் அமைப்புகளில் `Tamil Supplemental Fonts` என்ற கூடுதல் வசதியை நிறுவினால் வந்துவிடும்.

எழுத்து பெரிதானதும் வரிகள் வேறு இடங்களில் மடியும். பழைய வரியின் ஓரத்தில் ஒளிந்திருந்த இரட்டைச் சொல்லும் தேவையற்ற இடைவெளியும் நடுவுக்கு வரும். முக்கியமாகப் புள்ளிகள் பெரிதாகும். மாதிரிக் கடிதத்தில் “உறுதிசெயது” என்பதில் ‘ய’வுக்கு மேல் புள்ளி இல்லை. சிறிய எழுத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இங்கே மொட்டையாக நிற்கும்.

திருத்தத்தை மூல மடலில் செய்யுங்கள், நகலில் வேண்டாம். நகலில் திருத்தி மீண்டும் ஒட்டினால் பெரிய எழுத்தும் அதன் வடிவமைப்பும் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி ஒட்டியே ஆக வேண்டுமென்றால் `Ctrl+Shift+V`. வெறும் எழுத்து மட்டும் வரும்.

மூன்றாம் சுற்று: பின்னாலிருந்து படித்தல்

கடைசிச் சொல்லிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பின்னோக்கி வாருங்கள் என்று சில குறிப்புகள் சொல்லும். தமிழுக்கு அது ஒத்துவராது. ஒற்று மிகுமா மிகாதா என்பது இரண்டு சொற்களுக்கு இடையில் இருக்கும் கணக்கு; சொல்லைத் தனித்தனியாகப் பிய்த்தால் அது காணாமல் போய்விடும். ஆகவே வாக்கியம் வாக்கியமாகப் பின்னோக்கி வாருங்கள்.

வேர்டில் நகலை ஒட்டி, `Ctrl+H` கொடுத்து, கீழே உள்ளபடி மாற்றினால் ஒவ்வொரு வாக்கியமும் தனி வரியாகிவிடும். முதல் வரியில் புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி உண்டு.

```
Find what:    . 
Replace with: .^p
```

“14.3.2025” உடையாது, ஏனெனில் அதன் புள்ளிகளுக்குப் பின் இடைவெளி இல்லை. “திரு. ” மட்டும் உடையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடைசி வரி: “நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்துள்ளோம்.” உடனே கோப்பு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து படித்து வரும்போது களைப்பில் தாண்டிவிடும் வரி இது. அதற்கு முந்தையது: “பயண நேரத்தை அரிய விரும்புகிறோம்.” ‘அரிய’ என்றால் கிடைத்தற்கு அரிய, இங்கே வேண்டியது ‘அறிய’. ர, ற வேறுபாட்டை நம்மில் பலர் பேச்சில் காட்டுவதில்லை என்பதால் முதல் சுற்றில் இது தப்பியிருக்கும். கதைப்போக்கு அறுந்து வாக்கியம் தனியே நிற்கும்போதுதான் கண் எழுத்தைப் பார்க்கத் தொடங்கும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் முதலில் வினைமுற்றைப் பாருங்கள். தமிழில் அது கடைசியில் இருப்பது வசதி. “நினைவுகூர்கிறது” என்று முடிகிறது. நினைவுகூர்வது யார்? பின்னோக்கித் தேடினால் “நிர்வாகிகள்”. அப்படியானால் “நினைவுகூர்கின்றனர்” என்று வர வேண்டும். எழுதும்போது பக்கத்தில் இருந்த “சங்கம்” மனத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீண்ட வாக்கியங்களில் எழுவாய் முதலிலும் பயனிலை கடைசியிலும் இருக்க, நடுவில் வேறு பெயர்கள் நுழைவதால் இந்தப் பிழை அடிக்கடி வரும்.

கடைசியாக முதல் வாக்கியம். எண் இருக்கும் இடமெல்லாம் நாட்காட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். 14.3.2025 வெள்ளிக்கிழமை, கடிதத்திலோ வியாழன். விருந்தினர் எதை நம்புவார்? ஏழிலும் இதுதான் மோசமான பிழை. ஒற்று இல்லாமல் போனால் முகம் சுளிப்பார், கிழமை மாறினால் வேறு நாளில் வந்து நிற்பார்.

பின்சேர்க்கை

மேக் கணினியில் `Latha` இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் `Tamil MN`, `Tamil Sangam MN`, `InaiMathi` இருக்கின்றன. இவற்றில் ஒன்றை மாற்றிப் பார்த்தால் போதும்.

கைப்பேசியில் மட்டுமே மடல் எழுதுகிறேன், இத்தனை வித்தை முடியாது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புகளில் `Select to Speak` உண்டு. அதை இயக்கி மடலைத் தேர்ந்தால் படித்துக் காட்டும். எழுத்துரு மாற்றுவதற்குப் பதில் பேசியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். எழுத்தின் வடிவம் மாறாவிட்டாலும் வரிகள் மடியும் இடம் மாறும், அதுவே பாதிப் பயன். பின்னோக்கிப் படிக்கும்போது மேல் வாக்கியங்களை விரலால் மறைத்துக்கொள்ளலாம்.

“சரி, நாளை பார்ப்போம்” என்கிற இரண்டு வரி மடலுக்கும் மூன்று சுற்றா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அதில் நாள், நேரம், தொகை, பெயர் ஏதாவது இருந்தால் அந்த ஒன்றை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுங்கள்.