அட்மின் வெளியேறினால் மட்டும் குரூப் மூடாது

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்காகப் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப்பந்தல் போடுகிறார்கள், அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெடியள், பொருளாளர், கனடாவிலும் சுவிஸிலும் இருந்து காசு அனுப்பும் சொந்தக்காரர் என்று எல்லாமாக 40 பேர். பொங்கல் முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று. வங்கிக் கணக்கு இலக்கமும் காசு போட்ட சிட்டைகளின் படங்களும் குரூப்பில் அப்படியே கிடக்கின்றன. குரூப்பைத் தொடங்கிய அட்மின் நீங்கள்.

இந்த இடத்தில் பலர் நேரே Exit group ஐ அழுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நீங்கள் மட்டும்தான் வெளியே வருவீர்கள். வேறு அட்மின் இல்லையென்றால், மிச்சமிருப்பவர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாகவே அட்மின் ஆக்கிவிடும். அது யார் என்பது உங்கள் கையில் இல்லை. பந்தலின் பெயரும் படமும் அவரிடம் போய்விடும். அதே ஆட்களிடம் வேறொரு கணக்கு இலக்கத்தைக் காட்டிக் காசு கேட்கவும் அவரால் முடியும். காசு புழங்கிய குரூப்பை அப்படி விட்டுப் போகக்கூடாது.

முதலில் சொல்லுங்கள்

ஒருவரை நீக்கினால், நீங்கள் நீக்கியதாக ஒரு வரி அவருடைய போனில் தெரியும். காரணம் தெரியாத பெரியவர்களுக்கு அது மனவருத்தமாகிவிடும். ஆகவே இரண்டு மூன்று நாள் முன்பே இப்படி எழுதுங்கள்: "எல்லாருக்கும் வணக்கம். பந்தல் வேலை நல்லபடி முடிந்தது. கணக்கறிக்கையைப் பொருளாளர் இங்கே போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இந்தக் குரூப்பை மூடுகிறேன். அன்று எல்லாரையும் நீக்குவேன், யாரும் குறை நினைக்க வேண்டாம். தேவையான படங்களை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்."

நீங்களும் ஒரு பிரதி எடுங்கள். குரூப்பைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு, More, பிறகு Export chat. ஐபோனில் இது குரூப்பின் விபரப் பக்கத்தில் கீழே இருக்கும். யார் எவ்வளவு போட்டார் என்று பிறகு கேள்வி வந்தால் காட்ட இதுதான் இருக்கும். சிட்டைகளும் வேண்டுமென்றால் படங்களோடு சேர்த்து எடுங்கள்.

வாசலை மூடுங்கள்

மேலே இருக்கும் குரூப்பின் பெயரைத் தொட்டால் விபரப் பக்கம் வரும். அதில் Group permissions க்குள் போய், உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் அனுமதியையும் ஆட்களைச் சேர்க்கும் அனுமதியையும் நிறுத்துங்கள். இனி அட்மின்களுக்கு மட்டும்தான் அவை முடியும். பிறகு அழைப்பு இணைப்பு இருக்கும் இடத்தில் Reset link ஐ அழுத்துங்கள். அந்த இணைப்பை யாராவது பேஸ்புக்கில் போட்டிருந்தால், நீங்கள் ஒருபக்கம் ஆட்களை நீக்க மறுபக்கம் புதியவர் வந்துகொண்டிருப்பார். மாற்றிவிட்டால் பழைய இணைப்பு வேலை செய்யாது.

நீக்குவது

மற்ற அட்மின்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களைக் கடைசிக்கு விட்டால், நீங்கள் நீக்கியவரை அவர்கள் திரும்பச் சேர்க்க முடியும். விபரப் பக்கத்தில் பெயரைத் தொட்டால் Remove என்று வரும். இப்படி ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும். 40 பேர் என்றாலும் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு டேட்டா வேண்டும், கவரேஜ் விட்டு விட்டு வரும் இடத்தில் நின்று செய்யாதீர்கள்.

குரூப்பைத் தொடங்கியவர் நீங்கள் இல்லாமல், அட்மின் மட்டும் என்றால், ஒருவரை மட்டும் நீக்கவே முடியவில்லையா? அவர்தான் குரூப்பை உருவாக்கியவராக இருப்பார். அவர் உள்ளே இருக்கும்வரை வேறு எந்த அட்மினாலும் அவரை நீக்க முடியாது. அவரோடு கதைத்து, ஒன்றில் அவரையே குரூப்பை மூடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவரை முதலில் வெளியேறச் சொல்லுங்கள்.

உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சரி என்றால் இப்போது Exit group. வெளியேறிய பிறகு அதே இடத்தில் Delete group என்று தெரியும், அதையும் அழுத்துங்கள். படங்களையும் சேர்த்து அழிக்கவா என்று போன் கேட்டால், பிரதி எடுத்தது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆம் சொல்லுங்கள்.

எது அழியாது

நீங்கள் அழித்தது உங்கள் போனில் இருந்ததைத்தான். மற்ற 39 பேருடைய போன்களிலும் பழைய செய்திகளும் கணக்கு இலக்கமும் அவர்களாக அழிக்கும்வரை இருக்கும். அனுப்பிய செய்தியை எல்லாருக்கும் அழிக்கும் வசதி ஏறக்குறைய இரண்டரை நாளுக்குத்தான் என்பதால், பழைய சிட்டைகளை இனித் திருப்பி எடுக்க முடியாது. அவற்றை அழித்துவிடும்படி மூடும் அறிவித்தலிலேயே ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் கணக்கு இலக்கத்தைக் குரூப்பில் போடாமல், காசு போடுகிறவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.