என்.டி.ஏ. இருக்கும்போது ரெக்ரூட்டரிடம் என்ன சொல்வது, எதைக் காட்டுவது

போன வருடம் கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில், ரெட்டிச்சாவடி தாண்டும்போது பெங்களூரிலிருந்து ஒரு ரெக்ரூட்டர் போன் செய்தார். "கடைசியா செஞ்ச ப்ராஜெக்ட் பத்தி சொல்லுங்க, ரெண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப முடியுமா?" என்றார். நான் "என்.டி.ஏ. இருக்கு மேடம், ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். என்.டி.ஏ. என்றால் வேலையின் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போடும் ஒப்பந்தம். "ஓ, சரி" என்று வைத்தவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. அடுத்த இன்டர்வியூவில் அந்தப் பயத்திலேயே நேர்மாறாகப் போய் அதிகம் பேசிவிட்டேன், அதுதான் பெரிய சறுக்கல், கீழே வருகிறது. மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. நான் டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்ப்பவன், அதனால் உதாரணமும் அங்கிருந்துதான்.

தாளை எடுத்துப் படியுங்கள்

"நான் என்.டி.ஏ.வில் கையெழுத்தே போடவில்லையே" என்பவர்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே ரகசியம் காப்பது பற்றி ஒரு பத்தி ஒளிந்திருக்கும். அதில் மூன்று விஷயம் தேட வேண்டும். ரகசியம் என்று எதையெல்லாம் சொல்கிறார்கள், எதற்கெல்லாம் விலக்கு, வேலையை விட்ட பிறகு எத்தனை வருடம் ஓடும். விலக்கு என்பதில் வழக்கமாக ஏற்கனவே பொதுவெளியில் இருக்கும் தகவல் வரும், நமக்கு முன்பே தெரிந்திருந்ததும் வரும். சில ஒப்பந்தங்களில் கிளையன்ட் யார் என்பதே ரகசியம். அப்படியிருந்தால் பெயரைச் சுற்றி வளைத்துக்கூடச் சொல்லக் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைக் காட்டி "வேலையை விட்ட பிறகு எந்தக் கட்டுப்பாடும் செல்லாது" என்று சொல்லும் நண்பர் எல்லா ரூமிலும் ஒருவர் இருப்பார். போட்டிக் கம்பெனிக்குப் போகாதே என்கிற கட்டுப்பாடு பொதுவாகச் செல்லாது என்பது சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ரகசியத்தை வெளியிட முடியாது, இரண்டும் வேறு. அதேபோல, வேலை நேரத்தில் கம்பெனிக்காக நாம் எழுதிய கோடுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிதான் உரிமையாளர். "நான்தானே எழுதினேன், கிளையன்ட் பெயரை நீக்கிவிட்டுப் போடுகிறேன்" என்று கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள்.

போனில் சொல்வது

முதலில் கூப்பிடும் ஹெச்.ஆர். ஆளுக்கு உங்கள் டேபிள் அமைப்பைத் தெரிந்துகொள்ளும் ஆசையெல்லாம் கிடையாது. எதிரில் ஒரு ஃபார்ம் இருக்கிறது, அதில் நிரப்ப ஏதாவது வேண்டும். என் முதல் பதிலில் அவர் நிரப்ப ஒன்றுமே இல்லை. அதனால் மறுப்பும் மாற்று ஏற்பாடும் ஒரே மூச்சில் வர வேண்டும், நடுவில் இடைவெளி விடக் கூடாது. நான் இப்போது சொல்வது இப்படி:

"மேடம், அந்த வேலை கிளையன்ட்டோட ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டது, அதனால ஸ்கிரீன்ஷாட், கோட் ரெண்டும் தர முடியாது. நான் செஞ்சது போஸ்ட்கிரஸ்ல மெதுவா ஓடுற க்வெரிகளைச் சரி பண்றது, மூணு வருஷம். அதே மாதிரி பிரச்சினையை வேற டேட்டா வச்சு நானே செஞ்சு காட்டியிருக்கேன், லிங்க் இன்னைக்கு சாயங்காலம் அனுப்பறேன். வேணும்னா உங்க டீம்ல ஒருத்தர் முன்னாடி ஒரு மணி நேரம் நேரடியாவும் செஞ்சு காட்டறேன்."

இதில் கருவி, காலம், செய்த வேலை மூன்றும் இருக்கின்றன, ஃபார்ம் நிரம்பிவிடும். இதையே அன்றே மெயிலிலும் ஆங்கிலத்தில் நான்கு வரியாக அனுப்புங்கள், ஏனென்றால் டெக்னிக்கல் ஆளுக்குப் போய்ச் சேர்வது அந்த மெயில்தான்.

"உங்கள் ரகசியத்தையும் நாளை இப்படித்தான் காப்பேன்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள் பலர். எனக்குப் பிடிக்காது, பாடம் எடுக்கிற மாதிரி இருக்கிறது. "மத்தவங்க எல்லாம் அனுப்பினாங்களே" என்று அவர் அழுத்தினாலும், "அவங்க ஒப்பந்தம் வேறயா இருக்கலாம் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிலருக்கு சந்தேகம் வேலை நிஜமாகவே பார்த்தோமா என்பதில்தான் இருக்கும். அதற்கு ப்ராஜெக்ட் விவரம் தேவையில்லை, பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியில் எந்தக் கம்பெனியில் எப்போதிலிருந்து எப்போது வரை என்பது இருக்கும். கிளையன்ட் பெயர் அதில் வராது.

பெயரை எடுத்தால் போதாது

இரண்டாவது இன்டர்வியூவில் நான் கிளையன்ட் பெயரைச் சொல்லவே இல்லை. என்ன தொழில், பாண்டியில் எத்தனை கிளை, கடலூரில் எத்தனை, தினமும் சுமார் எத்தனை பேர் வருவார்கள், அவ்வளவுதான் சொன்னேன். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே "ஓ, அவங்களா! என் மாமியார் அங்கதான் போவாங்க" என்றார். அவர் ஊர் பாண்டி முதலியார்பேட்டை. எனக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தொழிலில் அத்தனை கிளையோடு இந்தப் பக்கம் இருப்பது ஒரே ஆள்தான், பெயரை நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. (என்ன தொழில் என்று இங்கேயும் சொல்லப் போவதில்லை.)

அடையாளம் காட்டுவது தொழில், ஊர், அளவு, காலம் இந்த நான்கின் சேர்க்கைதான். இதில் ஊரும் காலமும் ரெஸ்யூமே மூலமே வெளியே போய்விடுகின்றன, பழைய கம்பெனி எங்கே இருந்தது, எந்த வருடம் என்பது அதில் இருக்கிறதே. ஆக நம் கையில் மிச்சம் இருப்பது இரண்டு, அதிலும் ஒன்றைத்தான் செலவழிக்கலாம். நான் தொழிலை விட்டுவிட்டு அளவை மட்டும் மழுப்பிச் சொல்கிறேன்: "சில கோடி வரிசைகள் உள்ள டேபிள்". எத்தனை செகண்ட் எத்தனையாகக் குறைந்தது என்றும் சொல்வதில்லை. அது அவர்கள் சிஸ்டம் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதைச் சொல்வது.

ரெஸ்யூமேயில் போடும் அந்த ஒரு வரியைப் பழைய மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி "இதைப் போடலாமா?" என்று கேட்டேன். இரண்டு சொல்லை மாற்றச் சொல்லி "ஓகே" என்று பதில் வந்தது. அந்த மெயிலைச் சேமித்து வைத்திருக்கிறேன். கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று நினைத்து நான் ஆறு மாதம் கேட்காமலேயே இருந்தது மடத்தனம்.

காட்டுவதற்கு ஒன்று செய்வது

இதற்கு ஒரு வார இறுதி போதும். ரகசியமாக இருப்பது அவர்களுடைய டேட்டாவும் அமைப்பும். ஆனால் ஒரு டேபிளில் இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து இண்டெக்ஸ் போட்டால் வேகம் வரும் என்பது போஸ்ட்கிரஸ் ஆவணத்திலேயே இருப்பது. அந்த நுட்பத்தை மட்டும் எடுத்து, துறையை முழுக்க மாற்றிவிடுங்கள். நான் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போகிறவன், அதனால் ஒரு கற்பனை நூலகத்தின் இரவல் பதிவேடு:

```sql
CREATE TABLE loans AS
SELECT n AS id,
       (power(random(), 3) * 50000)::int AS member_id,
       timestamp '2023-01-01'
         + random() * interval '730 days' AS borrowed_at
FROM generate_series(1, 2000000) AS n;
ANALYZE loans;
```

இருபது லட்சம் வரிசை, ஒன்றுகூட நிஜ ஆள் இல்லை. `power` எதற்கு என்றால், முதலில் வெறும் `random()` போட்டு எல்லா உறுப்பினருக்கும் ஏறக்குறைய 40 இரவல் என்று சமமாக வந்தது. அதைப் பார்த்த ஒரு இன்டர்வியூவர் "நிஜத்தில் டேட்டா இப்படி இருக்குமா?" என்று ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டார். இப்போது 1-ஆம் உறுப்பினருக்கு சுமார் 19,000 வரிசை, 40,000-ஆவது ஆளுக்குப் பதினைந்து சொச்சம். சமமாக இல்லாத டேட்டாவில்தான் பிரச்சினையே தெரியும்.

```sql
EXPLAIN ANALYZE
SELECT * FROM loans WHERE member_id = 1
ORDER BY borrowed_at DESC LIMIT 20;
```

இதை மூன்று முறை ஓட்டி மூன்று வெளியீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இண்டெக்ஸ் இல்லாமல்: `Seq Scan` என்று வரும், டேபிள் முழுவதையும் படிக்கிறது. பிறகு `member_id`க்கு மட்டும் இண்டெக்ஸ் போட்டு: அந்த ஆளின் 19,000 வரிசையையும் எடுத்து அதற்கப்புறம் வரிசைப்படுத்துகிறது, `Sort` தெரியும். கடைசியாக:

```sql
CREATE INDEX ON loans (member_id, borrowed_at DESC);
```

இப்போது `Sort` காணாமல் போய், இருபது வரிசை எடுத்ததும் நின்றுவிடும். இதே மூன்றையும் `member_id = 40000` வைத்து ஓட்டினால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. ஏன் என்று README-யில் ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் இப்போது இருக்கும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அழகான போர்ட்ஃபோலியோ வெப்சைட் எல்லாம் வேண்டாம் என்பது என் கட்சி, ஒரு README போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபோல்டரைக் காப்பியடித்து வேண்டாததை அழித்துவிட்டு ஏற்றாதீர்கள். கிட்டில் நீக்கிய ஃபைல் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். காலி ஃபோல்டரில் `git init` போட்டு முதல் வரியிலிருந்து எழுதுங்கள், சொந்த லேப்டாப்பில்.

பின்சேர்க்கை: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் புராசஸ் இன்ஜினியராக இருக்கும் ஒருவர் "எனக்குக் கோடும் இல்லை, கிட்ஹப்பும் இல்லை, நான் என்ன காட்டுவது?" என்று கமென்டில் கேட்டிருந்தார். அது என் துறை இல்லை என்பதால் அங்கே வேலை பார்க்கும் என் அத்தை பையனிடம் கேட்டேன். அவன் பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு சாதாரண வினையை எடுத்து, அதில் என்னென்ன தவறு நடக்கலாம் என்று அலசும் ஒரு பக்க ஹசாப் அட்டவணையைத் தானே தயாரித்து வைத்திருக்கிறான். குளிர்நீர் நின்றால் என்ன ஆகும், எந்த அலாரம் முதலில் அடிக்கும், ஆப்பரேட்டர் என்ன செய்ய வேண்டும் என்று. ஆலையின் வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி எதுவும் அதில் இல்லை. ஆனால் ஒரு தவறு செய்திருக்கிறான்: முதலில் ஆலையின் படத்தையே எடுத்து எண்களின் மேல் கறுப்புக் கட்டம் போட்டு பி.டி.எஃப். ஆக்கியிருந்தான், கட்டத்துக்கு அடியில் இருந்த எழுத்தை செலக்ட் செய்து காப்பி எடுக்க முடிந்தது. நல்லவேளை, யாருக்கும் அனுப்புவதற்கு முன் அவன் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.