வீட்டுக் கடன் எத்தனை வருஷத்தில் முடியும்? வட்டியையும் தவணையையும் வைத்து ஒரு நிமிஷக் கணக்கு

2021 கடைசியில் 6.5% மாறும் வட்டியில் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருஷம், மாதத் தவணை 22,367 ரூபாய். அடுத்த வருஷம் மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனது. 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. என் கடன் வட்டியும் 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் தவணை மட்டும் அதே 22,367தான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. கடன் காலம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று வங்கி எனக்குச் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

முதலில் இந்த மாத வட்டியைக் கண்டுபிடியுங்கள். மிச்ச அசலை வட்டி விகிதத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் போதும். நான் சறுக்கியது இங்கேதான். வாங்கிய 30 லட்சத்தைப் போட்டேன், வட்டி 22,500 வந்தது. தவணையைவிட வட்டி அதிகம் என்றால் கடன் தீரவே தீராது. அன்று இரவு தூக்கமே இல்லை. போட வேண்டியது இன்றைய மிச்ச அசல். கடன் கணக்கு அறிக்கையின் கடைசி வரியில் அது இருக்கும். நடுவில் போனஸ் பணம் கொஞ்சம் கட்டியிருந்ததால் எனக்கு 29,00,000 மிச்சம். அதற்கு ஒரு மாத வட்டி 21,750.

அடுத்து தவணையை இந்த வட்டியால் வகுங்கள். 22,367 ÷ 21,750 = 1.03. இனி இந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம்:

2 வந்தால் ஒரு மடிப்பு
1.33 வந்தால் இரண்டு மடிப்பு
1.14 வந்தால் மூன்று
1.07 வந்தால் நான்கு
1.03 வந்தால் ஐந்து

மடிப்பு என்று நான் சொல்வது இரட்டிப்பை. தவணையில் வட்டி போக மீதிதான் அசலில் கழியும். எனக்கு அது வெறும் 617 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைவதால், அந்த 617 மாதாமாதம் வட்டி விகிதத்திலேயே வளரும். 1,234 ஆகும், 2,468 ஆகும், 4,936, 9,872, 19,744. அது தவணைத் தொகையைத் தொடும்போது கடன் முடிந்தது. ஐந்து தடவை இரட்டித்தும் 22,367-ஐத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. அதனால் 5.2 மடிப்பு என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மடிப்புக்கு எத்தனை வருஷம்? 70-ஐ வட்டி விகிதத்தால் வகுங்கள். 70 ÷ 9 = 7.8 வருஷம். 5.2 × 7.8 = சுமார் 40 வருஷம். இருபது வருஷக் கடன் என்று கையெழுத்துப் போட்டது, ஒன்றரை வருஷம் கட்டிய பிறகு இன்னும் நாற்பது வருஷம்!

தவணையை வட்டியால் வகுத்த எண் 1-ஐ ஒட்டி இருக்கும்போது சில நூறு ரூபாய் வித்தியாசமே வருஷங்களைப் புரட்டிவிடும். அதனால் அங்கே வட்டியை ரூபாய் சுத்தமாகப் போடுங்கள். இதில் நல்லதும் இருக்கிறது. தவணையை 3,000 ஏற்றி 25,367 ஆக்கினால் அந்த எண் 1.17. மூன்று மடிப்புக்குச் சற்றுக் குறைவு, 2.8 என்று வைத்தால் 22 வருஷம். மாதம் மூவாயிரத்தில் பதினெட்டு வருஷம் போய்விடுகிறது. நான் அதைத்தான் செய்தேன். வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கிளையில் தைரியமாகக் கேளுங்கள்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் எக்செல் போதும். கடன் கால்குலேட்டர் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலவற்றில் வருஷத்தைக் கொடுத்தால் தவணை வரும், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

```
=NPER(9%/12,-22367,2900000)/12
```

தவணைக்கு முன்னால் கழித்தல் குறி கட்டாயம். 40.04 வரும். தவணை வட்டியைவிடக் குறைவாக இருந்தால் `#NUM!` என்று காட்டும். கடன் தீராது என்பதுதான் அதன் அர்த்தம்.

பிறகு சேர்த்தது: பைக் கடனுக்குப் போட்டால் மாதம் குறைவாக வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். 1 லட்சம், 10%, 36 மாதம், தவணை 3,611. இந்த முறையில் போட்டால் 32 மாதம்தான் வருகிறது. காரணம், அவருக்குச் சொன்னது பிளாட் வட்டி: அசல் குறைந்தாலும் முழு லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி. ஒப்பந்தத்தில் இருக்கும் மாதத்தைவிடக் கணக்கு நன்றாகக் குறைந்து வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 18% என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். சரியாக 36 மாதம் வந்தது.