எத்தனை பங்கு வாங்கலாம்? நஷ்டத்திலிருந்து தொடங்குங்கள்

என் கணக்கில் 40,000 ரூபாய் இருந்தது. தரகர் ஐந்து மடங்கு லெவரேஜ், அதாவது கையிலிருப்பதைப்போல் ஐந்து மடங்குக்கு வாங்கும் வசதி தந்ததால், 500 ரூபாய்ப் பங்கு ஒன்றில் 400 வாங்கினேன். மொத்தம் இரண்டு லட்சம். அன்று அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வரும் நாள் என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

நஷ்டம் ஓர் அளவைத் தாண்டாமல் தானாக விற்க ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன்: 490-இல் விழித்து, 489-க்குக் குறையாமல் விற்கும் லிமிட் ஆர்டர். முடிவு வெளியானதும் விலை 490-இலிருந்து நேராக 478-க்குத் தாவியது. ஆர்டர் நிறைவேறாமல் திரையில் அப்படியே நின்றது. நான் கையால் விற்றபோது விலை 455. பங்கு சரிந்தது 9 சதவீதம். என் கணக்கு 45 சதவீதம், அதாவது 18,000 ரூபாய். மறுநாள் வீம்புக்கு மீண்டும் ஐந்து மடங்கு. இன்னொரு 8 சதவீதச் சரிவு, மிச்சம் 13,200.

இப்போது கணக்கைத் தலைகீழாகப் போடுகிறேன். ஒரு வர்த்தகத்தில் இழக்கத் தயாரான தொகை, முதலில் 1 சதவீதம். 40,000-க்கு அது 400 ரூபாய். ஸ்டாப் லாஸ் 10 ரூபாய் தள்ளி இருந்தால் 40 பங்குகள்தான். மதிப்பு 20,000, லெவரேஜே தேவைப்படவில்லை! லிமிட் விலையை, ஆர்டர் விழிக்கும் டிரிக்கர் விலையிலிருந்து சில ரூபாய் கீழே தள்ளியே வைக்கிறேன். காலாண்டு முடிவு நாளில் அந்தப் பங்கைத் தொடுவதில்லை.