லைக்கை விடுங்கள், என்கொயரியை எண்ணுங்கள்: காலாண்டு இலக்கில் கடைகள் செய்யும் தவறுகள்

நான் சில சிறு கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு பார்த்துக்கொடுக்கிறேன். அதில் ஒன்று ஆரி ஒர்க் பிளவுஸ் தைக்கும் கடை. கடைக்கார அக்காவும் இரண்டு ஆரி ஆட்களும்தான் மொத்தக் கூட்டம். முதல் காலாண்டுக்கு நான் எழுதிக்கொடுத்த இலக்கு: "ஃபாலோயர் 5,000, ரீலுக்குச் சராசரி 500 லைக்." இரண்டையும் தாண்டினோம். ஆர்டர் மட்டும் அப்படியே நின்றது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சட்டத்தில் கட்டிய துணியில் ஊசி ஏறி இறங்குவதைக் கிட்டத்தில் எடுத்துப் போட்ட ஒரு ரீல் பிய்த்துக்கொண்டு போனது. லைக் போட்டவர்களில் பெரும்பாலோர் ஆரி கற்றுக்கொள்கிறவர்கள், இதே தொழிலில் இருப்பவர்கள். "கிளாஸ் எடுப்பீங்களாக்கா?", "ஊசி எங்க வாங்குனீங்க?" என்று இன்பாக்ஸ் நிரம்பியது. கல்யாணப் பிளவுஸுக்கு வந்தது நாலே பேர். அதே வாரம் போட்ட, லைக்கே வாங்காத ஒரு படத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். சாதாரணமாகத் தொங்கவிட்ட பிளவுஸ் படம்தான். ஆனால் கீழே விலையும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் எழுதியிருந்தோம்.

சரி, இனி என்கொயரிதான் இலக்கு என்று மாற்றினோம். அடுத்த தவறு அங்கே தொடங்கியது: எது என்கொயரி என்று முடிவு செய்யாமலே எண்ண ஆரம்பித்தோம். "ரேட்?" என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டுக் காணாமல் போகிறவரையும் எண்ணினால் கணக்கு பெரிதாகத் தெரியும், கல்லாவுக்கு ஒன்றும் வராது. இப்போது எங்கள் வரையறை இது: விசேஷத் தேதி சொல்ல வேண்டும், அதோடு புடவை படமோ பட்ஜெட்டோ ஒன்றாவது சொல்ல வேண்டும். "ரேட்?" என்று கேட்டவரிடம் பதிலுக்கு "எந்தத் தேதிக்கு வேணும்க்கா?" என்று கேட்போம். தேதி சொன்னால் நோட்டில் ஏறுவார், இல்லையென்றால் இல்லை. ஒரே ஆள் டிஎம்மிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தால் ஒன்றுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்த 140 பேரை இப்படிச் சலித்தபோது மிஞ்சியது 48. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த 48தான் பேசத் தகுந்த எண்.

ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைக் குறிக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்தது. கடை வாசல் போர்டைப் பார்த்து வாட்ஸ்அப்பில் வந்தவரையும் இன்ஸ்டா கணக்கில் எழுதிவிடுவோம். பயோவில் வைக்கும் வாட்ஸ்அப் லிங்கில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=INSTA
```

அழுத்தினால் அந்தச் சொல் தயாராக வந்து நிற்கும். அனுப்பினால் உங்களுக்குத் தெரிந்துவிடும். சிலர் அழித்துவிட்டு அனுப்புவார்கள். அவர்களிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான். வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கும் லேபிளில் "என்கொயரி", "அட்வான்ஸ் வந்தது" என்று இரண்டு போட்டுக்கொண்டால் போதும். இருபது லேபிள் போட்ட கடைகளைப் பார்த்திருக்கிறேன், இரண்டாம் வாரம் யாரும் தொடுவதில்லை.

இப்போது பெரிய தவறு. "போன தடவை 48, இந்தத் தடவை நூறு" என்று வாயில் வந்த எண்ணை இலக்காக வைப்பது. என்கொயரி இலக்கைத் தையல் மேசையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

எங்கள் ஆட்களின் கைவேகத்துக்கு ஒரு கல்யாணப் பிளவுஸ் சராசரியாக நாலு நாள். இரண்டு பேர், மாதம் 26 நாள் என்றால் 52 ஆள்நாள். அதாவது 13 பிளவுஸ். மூன்று மாதத்துக்கு 39. லீவு, பிரித்துத் தைப்பது எல்லாம் கழித்தால் 33 என்று வைத்தோம். பழைய வாடிக்கையாளர்களும் அவர்கள் சொல்லி வருகிறவர்களும் வழக்கமாக 15 தருவார்கள். ஆக இன்ஸ்டாவிலிருந்து தேவை 18 ஆர்டர். போன காலாண்டில் 48 பேரில் 12 பேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள், நாலுக்கு ஒன்று. அப்படியானால் 72 என்கொயரி வேண்டும். நூறு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 25 ஆர்டர் எடுத்து, ஏழு பேரிடம் தேதி தள்ளிச் சொல்லி, முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி திட்டு வாங்கியிருப்போம்.

48-லிருந்து 72 என்பதும் ஒன்றரை மடங்கு, ஒரே காலாண்டில் கொஞ்சம் அதிகம். அதனால் நழுவிய 36 பேரின் சாட்டையும் உட்கார்ந்து படித்தோம். 14 பேருக்கு நாங்கள் பதில் போட்டதே மறுநாள். அதற்குள் வேறு கடையில் பேசி முடித்துவிட்டார்கள். 9 பேர் கேட்ட தேதிக்கு நம்மால் முடியாது. மீதி 13 பேர் விலைக்கு ஒத்துவராதவர்கள், அவர்களை ஒன்றும் செய்ய முடியாது. அந்த 14 பேரில் சிலரைப் பிடித்தாலே போதும் என்று, 60 என்கொயரி, பத்துக்கு மூன்று ஆர்டர் என்று இலக்கை மாற்றினோம். அதே 18 வந்துவிடும். இதற்காகச் சேர்த்த வேலை ஒன்றே ஒன்று: சாயங்காலம் ஏழு மணிக்குள் அன்றைய மெசேஜ் எல்லாவற்றுக்கும் பதில். மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதியையும் சேர்த்துத்தான். புது ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் கிடப்பார்கள். ஒன்று சொல்ல வேண்டும். 48 பேரில் 12 என்பது சின்னக் கணக்கு, இரண்டு கல்யாணம் முன்பின் ஆனாலே விகிதம் மாறிவிடும். அதனால் 18 என்பதை 15 முதல் 20 வரை என்றே மனதில் வைத்துக்கொண்டோம்.

60-ஐ 13 வாரத்துக்குச் சமமாகப் பங்கிடுவது இன்னொரு சறுக்கல். ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றால் ஆனிக் கடைசி, ஆடி, ஆவணி, புரட்டாசிப் பாதி. ஆடியில் கல்யாணம் இல்லை, கணக்கைத் தூங்கப் போடலாம் என்று பல கடைகள் போஸ்ட் போடுவதையே நிறுத்திவிடும். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் கல்யாணத்துக்கு முப்பது, நாற்பது நாள் முன்பே கேட்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான கேள்வி ஆடியில்தான் வரும். ஆடியில் டெலிவரிதான் மந்தம், என்கொயரி மந்தமில்லை. பலர் புரட்டாசியில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஆவணி நடுவில்தான் கொஞ்சம் அடங்கும், ஐப்பசிக்காரர்கள் வரத் தொடங்கியதும் மறுபடி ஏறும். ஆகவே ஆடி நாலு வாரத்துக்கு வாரம் 6, அடங்கும் மூன்று வாரத்துக்கு வாரம் 2, மீதி ஆறு வாரத்துக்கு வாரம் 5 என்று போட்டோம். ஒப்பிடுவதும் போன காலாண்டோடு இல்லை, போன வருஷம் இதே மாதங்களோடுதான். சித்திரை, வைகாசியோடு ஆடியை நிறுத்தினால் எந்தக் கணக்கும் தோற்றதாகத்தான் தெரியும்.

இதே இடைவெளி காலாண்டு முடிவிலும் குழப்பும். செப்டம்பர் கடைசி வாரம் கேட்டவர் அக்டோபரில்தான் அட்வான்ஸ் போடுவார். 30-ஆம் தேதியே நோட்டை மூடி விகிதம் போட்டால் குறைவாகத்தான் வரும். எந்த மாதம் கேட்டாரோ அந்த மாதத்து வரிசையிலேயே ஆர்டரையும் எழுதுங்கள், முடிவுக் கணக்கை மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். இன்ஸ்டாவின் இன்சைட்ஸ் பழைய எண்களை அதிக நாள் காட்டாது என்பதால் புரொஃபைல் விசிட், லிங்க் அழுத்தியவர் எண்ணிக்கை இரண்டையும் திங்கள்கிழமை தோறும் அதே நோட்டில் ஓரமாகக் குறித்துவைக்கிறோம். விசிட் இருந்தும் லிங்க் அழுத்தவில்லை என்றால் பயோவில் ஊரும் ஆரம்ப விலையும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். லிங்க் அழுத்தியும் மெசேஜ் வரவில்லை என்றால் நம்பரில் ஒரு எண் தப்பாக இருக்கலாம். ஒரு தடவை எங்களுக்கே அப்படித்தான் இருந்தது, பதினொரு நாள்.