வகுப்புப் பதிவிலிருந்து ஃப்ளாஷ்கார்டு: சிறுநீரகப் பாடத்தை வைத்து ஒரு செய்முறை

நர்சிங் முதலாண்டு படிக்கும் என் தங்கைக்கு உடலியங்கியலில் சிறுநீரகம் தேர்வுக்கு வரப்போகிறது. ஒரு மணி நேர வகுப்புப் பதிவு கையில் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்கும்போது எல்லாம் புரிகிறது, தாளில் எழுதச் சொன்னால் வரவில்லை. அப்புறம் இருவரும் உட்கார்ந்து செய்ததை இங்கே தருகிறேன்.

1. டிரான்ஸ்கிரிப்ட் எடுப்பது

பதிவு யூடியூப்பில் இருந்தால், கணினியில் வீடியோவின் விளக்கப் பகுதியை விரித்து Show transcript என்பதை அழுத்துங்கள். வகுப்பில் பேசியது முழுவதும் நிமிடக் கணக்குடன் எழுத்து வரிகளாக வரும். அப்படியே நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டுங்கள். நேரத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

2. பிழை பார்ப்பது

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். தானாக எழுதப்படும் டிரான்ஸ்கிரிப்டில் ஒலி ஒத்த சொற்கள் இடம் மாறும். எங்களுக்கு மாட்டியது அஃபரன்ட், எஃபரன்ட். முதலாவது, சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுக்குள் இரத்தம் கொண்டுவரும் நுண்தமனி, இரண்டாவது வெளியே கொண்டுபோவது. "எஃபரன்ட் சுருங்கினால் வடிகட்டல் குறையும்" என்று ஒரு வரி இருந்தது. உள்ளே வரும் குழாய் சுருங்கினால்தானே அழுத்தம் இறங்கி வடிகட்டல் குறையும்? வெளியேறும் குழாய் ஓரளவு சுருங்கினால் உள்ளே அழுத்தம் ஏறத்தான் செய்யும். அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டோம். ஆசிரியர் சொன்னது அஃபரன்ட்தான். இதைத் திருத்தாமல் கார்டு போட்டிருந்தால் தப்பை மனப்பாடம் செய்திருப்பாள். எண்களையும், 'ஏறும்', 'இறங்கும்' என்று வரும் வரிகளையும் கட்டாயம் ஒலியோடு ஒப்பிடுங்கள். மற்றவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

3. கார்டு எழுதுவது

12-ஆம் நிமிடத்தில் ஆசிரியர் சொன்னது இது: "நிமிஷத்துக்கு 125 மில்லி வடியுது, ஒரு நாளைக்கு 180 லிட்டர். ஆனா ஒன்றரை லிட்டர்தான் சிறுநீரா வெளியே போகுது. மீதி திரும்ப உறிஞ்சப்படுது, அதுல மூணுல ரெண்டு பங்கு ப்ராக்ஸிமல் குழாயிலேயே."

தங்கை முதலில் எழுதிய கார்டு: "வடிகட்டல் பற்றி எழுது." பின்பக்கம் முழுப் பத்தியும். இது கார்டு இல்லை, குறிப்பு. பாதி சொன்னால் சரியா தப்பா என்றே முடிவு செய்ய முடியாது. ஒரு கார்டுக்கு ஒரே பதில் இருக்க வேண்டும். அந்தப் பத்தியை இப்படி உடைத்தோம்:

```
#separator:Semicolon
#tags column:3
சிறுநீரகங்களில் ஒரு நிமிடத்தில் வடிவது எவ்வளவு?;சுமார் 125 மில்லி;12-40
ஒரு நாளில் வடிவது எவ்வளவு?;சுமார் 180 லிட்டர்;12-40
வடிந்த நீரில் அதிகப் பங்கு எங்கே உறிஞ்சப்படுகிறது?;ப்ராக்ஸிமல் குழாய்;12-55
```

இதை நோட்பேடில் .txt கோப்பாக, UTF-8 முறையில் சேமித்து, Anki என்ற ஃப்ளாஷ்கார்டு மென்பொருளில் File, Import வழியாக ஏற்றலாம். முதல் இரண்டு வரிகள், எதை வைத்துப் பிரிப்பது, நேரம் வரியில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று Anki-க்குச் சொல்பவை. கேள்விக்குள்ளோ பதிலுக்குள்ளோ அரைப்புள்ளி போட்டுவிடாதீர்கள், கார்டு அந்த இடத்தில் வெட்டுப்படும். தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் சேமித்த முறையைப் பாருங்கள். கணினி இல்லையா, அட்டையில் எழுதினாலும் வேலை நடக்கும்.

4. பயிற்சிக் கேள்விகள்

கார்டு ஞாபகத்தைச் சோதிக்கும். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி 'ஏன்' என்றுதான் வரும். எனவே டிரான்ஸ்கிரிப்டில் 'அதனாலதான்', 'ஏன்னா' என்று ஆசிரியர் சொன்ன இடங்களைத் தேடுங்கள். அங்கே ஒரு காரணமும் விளைவும் இருக்கும். விளைவை மட்டும் கேள்வியாக்குங்கள்.

குளுக்கோஸ் பகுதியிலிருந்து நாங்கள் எழுதியது: "ஒரு நோயாளியின் இரத்தச் சர்க்கரை 300. அவருக்கு அடிக்கடி சிறுநீர் வருகிறது. ஏன்?" விடைக்கு மூன்று படிகள். சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகக் குழாயால் முழுவதையும் உறிஞ்ச முடியாது. மிச்சம் குழாயிலேயே தங்கும். அது நீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் சிறுநீர் கூடும். படிக்கு ஒரு மதிப்பெண். தங்கை முதல் முறை நடுப்படியை விட்டுவிட்டு நேராக "அதனால் சிறுநீர் கூடும்" என்று எழுதினாள். படிகளாகப் பிரித்து வைத்ததால்தான் அது தெரிந்தது.

5. சோதிப்பது

கேள்வி எழுதிய அன்றே விடை எழுதிப் பார்க்காதீர்கள், சூடு ஆறாமல் இருக்கும். மறுநாள், பதிலைத் தாளில் எழுதிய பிறகே கார்டைத் திருப்புங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் "இதான் நினைச்சேன்" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

ஒரே கார்டு நாலைந்து முறை தவறினால் அதில் குறித்த நேரத்துக்குப் போய் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் கேளுங்கள். சில சமயம் பிழை கார்டிலேயே இருக்கும். "ஏடிஎச் என்ன செய்யும்?" என்ற ஹார்மோன் கார்டில் தங்கை நான்கு நாள் திணறினாள். "ஏடிஎச் கூடினால் சிறுநீரின் அளவு என்ன ஆகும்?" என்று மாற்றினோம். "குறையும்" என்று உடனே எழுதிவிட்டாள்.