தொட்டியைப் பார்த்து வேரை வெட்டாதீர்கள்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் அக்கா குடியிருக்கும் தரை வீட்டில், கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காக முன்புறத் தோட்டத்தின் பாதியைச் சிமெண்ட் போட முடிவானது. அங்கே ஒரு நந்தியாவட்டை இருந்தது. இடுப்பளவு உயரம், தினமும் சாமிக்குப் பூ. அதைத் தொட்டிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது.

அக்கா முதலில் செய்தது பலரும் செய்வதுதான். முப்பது செண்டிமீட்டர் அகலத் தொட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, "இதுல அடங்குற மாதிரி தோண்டு" என்றார். செடி பட்டுப்போவதற்கு இதுவே முதல் காரணம். தண்ணீரை உறிஞ்சுவது தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தடித்த வேர் அல்ல, நுனியில் இருக்கும் மயிரிழை வேர்கள். அவை கிளைகள் விரிந்த அளவுக்கும் அதைத் தாண்டியும் பரவியிருக்கும். எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் அவற்றில் பெரும்பகுதி மண்ணோடு போய்விடும். வேரோடு சேர்த்து எடுக்கும் மண் உருண்டையைச் சிறிதாக்கினால் மிஞ்சுவது தடித்த வேர் மட்டும்தான்.

அளவைத் தண்டுதான் சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டின் குறுக்களவை எடுத்து, அதைப்போல் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு வேர்மண்ணை எடுக்க வேண்டும். நந்தியாவட்டையின் தண்டு மூன்றரை செண்டிமீட்டர். அப்படியானால் வேர்மண் 35 முதல் 42 செண்டிமீட்டர். நான் 40 என்று வைத்துக்கொண்டேன். ஆழம் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் போதும், ஏனென்றால் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும். சுற்றிலும் புதுமண் இட ஐந்து செண்டிமீட்டர் விட்டால், தொட்டி 50 செண்டிமீட்டர் இருக்க வேண்டும். அக்கா வாங்கிய தொட்டியில் துளசி வைத்தோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அளவைத் தாண்டிப் பெரிதாக எடுத்தால் தூக்கும்போதே உடையும். 40 செண்டிமீட்டர் உருண்டையே ஈர மண்ணில் நாற்பது கிலோவுக்கு மேல் போகும், இரண்டு பேர் வேண்டும்.

அடுத்தது காலம். சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை, அதனால் எந்த நாளும் ஒன்றுதான் என்று நினைப்பது தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பருத்தியைப் பிப்ரவரியில் பெயர்த்து இழந்திருக்கிறேன். வடகிழக்குப் பருவக்காற்றின் பின்பாதி அது. மழை குறைந்து, காற்று ஓயாமல் வீசி, இலைகளிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வேர் இழந்த செடிக்கு அதை ஈடுகட்ட வழியில்லை. நவம்பரில் மாற்றினால் டிசம்பர், ஜனவரியின் மேகமூட்டம் செடிக்குத் துணை நிற்கும். ஆனால் பெருமழை பெய்த மறுநாள் தோண்டாதீர்கள். இங்குள்ள களிமண் சேறாகி, உருண்டை கையிலேயே கரைந்துவிடும். மழை நின்று இரண்டு நாள் கழித்து, மண்ணைப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அதுவே பதம்.

முடிவெடுத்த அன்றே தோண்டுவதும் தவறு. செப்டம்பர் கடைசியிலேயே, 40 செண்டிமீட்டர் வட்டம் போட்டு, கூரான மண்வெட்டியால் பாதி வட்டத்தை மட்டும் நேராக இறக்கி வெட்டினேன். மூன்று வாரம் கழித்து மறுபாதி. வெட்டிய இடத்திலிருந்து புதிய சிறுவேர்கள் உருண்டைக்குள்ளேயே கிளைத்தன. நவம்பர் நடுவில் எடுத்தபோது ஓரமெங்கும் வெள்ளை வேர்கள் தெரிந்தன.

எடுத்தது மாலை ஐந்து மணிக்குமேல், செடிக்கு ஓர் இரவு முழுதும் கிடைக்கட்டும் என்று. அடியில் கோணிச்சாக்கை நுழைத்து, சாக்கைப் பிடித்துத் தூக்கினோம். தண்டைப் பிடித்துத் தூக்கினால் உருண்டை கழன்று விழும், வேர் அறும். நந்தியாவட்டையின் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையுறை நல்லது. பழைய மண்மட்டம் எதுவோ அதுவே தொட்டியிலும் மட்டம். தண்டை ஓர் அங்குலம்கூடக் கூடுதலாகப் புதைக்க வேண்டாம்.

மொட்டுகளையும் நோஞ்சான் கிளைகளையும் மட்டும் நீக்கினேன். மொட்டையாக வெட்டத் தேவையில்லை. புதுவேர் விடும் சத்தை இலைதான் தருகிறது. உரம் ஆறு வாரத்துக்குக் கிடையாது.

தொட்டியில் வைத்த பிறகு ஏமாற்றுவது தண்ணீர். சுற்றியுள்ள புதுமண் ஈரமாகத் தெரியும், நடுவிலிருக்கும் களிமண் உருண்டை காய்ந்து கிடக்கும். ஆகவே தண்டை ஒட்டியே, மெதுவாக, உருண்டைக்குள் இறங்கும்படி ஊற்றுங்கள். அடித்தட்டு வைக்காதீர்கள், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

மூன்று வாரம் நிழலில் இருந்தது. நண்பகலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலையில்லை. காலை ஏழு மணிக்கும் துவண்டே இருந்தால் உருண்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கிறதா, நாறுகிறதா என்று. அக்காவின் செடியில் பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. அவர் பதறிப்போனார். நகத்தால் கிளையைக் கீறிக் காட்டினேன், உள்ளே பச்சை. தானாக இலையை உதிர்க்கும் கிளை உயிரோடு இருக்கிறது. இலை கருகி உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் அந்தக் கிளை போய்விட்டதென்று பொருள். டிசம்பர் கடைசியில் கணுக்களில் தளிர் வந்தது. பூவுக்குப் பிப்ரவரி வரை காத்திருந்தோம்.